வெண்கலமா, கல்லா, பிளாஸ்டரா? போட்டோவை வைத்துச் சிலையை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இது என்ன சிலைன்னு பாத்துச் சொல்லுங்க" என்று போட்டோ அனுப்புகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டுவிட்டுப் போகிறேன், அதனால் முடிந்தால் வரிசையாகவே படியுங்கள்.

1. வெறும் போட்டோவ பாத்து இது வெண்கலமா கல்லா பிளாஸ்டரான்னு சொல்லிட முடியுமா?

நல்ல போட்டோவாக இருந்தால் பெரும்பாலும் முடியும். சிலை செய்த விதம் அதன் மேல் தடம் விட்டுவிட்டுத்தான் போகும். வெண்கலம் உருகி ஓடி அச்சுக்குள் போய் உறைந்தது, கல் வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைக்கப்பட்டது, பிளாஸ்டர் கூழாக ஊற்றப்பட்டு அச்சுக்குள் இறுகியது. இந்த மூன்றும் விடும் தடம் வேறு வேறு. நாம் பார்க்கப் போவது இரண்டே விஷயம்: சிலையின் மேல் ஓடும் கோடுகள் எந்த வழியாகப் போகின்றன, மேல்தோலின் பள்ளமும் உடைப்பும் எப்படி இருக்கின்றன.

ஆனால் முன்பக்கம் மட்டும் தெரிகிற, ஃபிளாஷ் அடித்த ஒரே ஒரு போட்டோவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். எப்படிப்பட்ட போட்டோ வேண்டும் என்பதைப் பன்னிரண்டாவது கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

2. எதுக்கு இவ்வளவு? கலரப் பாத்தாலே தெரிஞ்சிடாதா?

கோடு, மேல்தோல், நிறம் ஆகிய மூன்றில் மிக எளிதாக ஏமாற்றக்கூடியது நிறம்தான். பிளாஸ்டர் மேல் வெண்கல நிறப் பெயிண்ட் அடிப்பது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். கோயிலில் எண்ணெய்க் காப்பு ஏறி ஏறிக் கறுத்துப்போன கருங்கல் சிலை போட்டோவில் உலோகம் மாதிரியே மினுக்கும். வெண்கலமோ பொன்னிறத்தில் தொடங்கி பழுப்பு, கறுப்பு, பச்சை என்று எந்த நிறத்திலும் நிற்கும்.

நிறத்தை விட, வெளிச்சம் பட்டுப் பளிச்சிடும் இடத்தைப் பாருங்கள். மேலே எதுவும் பூசாத வெறும் உலோகம், பட்ட வெளிச்சத்துக்குத் தன் நிறத்தைக் கொடுத்துத்தான் திருப்பி அனுப்பும். அதனால் தேய்த்த பித்தளை, வெண்கலத்தின் மூக்கு நுனியிலும் முழங்காலிலும் தெரியும் பளிச்சிடல் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும். பெயிண்ட், வார்னிஷ், எண்ணெய் பூசிய கல் எல்லாவற்றிலும் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். இதிலும் ஒரு விலக்கு உண்டு. களிம்பு ஏறிய வெண்கலத்துக்கு மேல் மெழுகு பூசியிருந்தால் அதுவும் வெள்ளையாகத்தான் பளிச்சிடும். ஆகவே மஞ்சளாகப் பளிச்சிட்டால் உலோகம் என்ற பக்கம் சாயலாம், வெள்ளையாகப் பளிச்சிட்டால் மட்டும் உலோகம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

3. ஒட்டுக்கோடுன்னு சொல்றீங்களே, அது என்ன, எங்க தேடணும்?

வீட்டில் கொலு பொம்மை இருந்தால் ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பண்ருட்டி, மதுரை விளாச்சேரி மாதிரி ஊர்களில் செய்கிற அச்சு பொம்மைகளில் முன்பாதிக்கு ஒரு அச்சு, பின்பாதிக்கு ஒரு அச்சு. இரண்டும் சேரும் இடத்தில் தலை உச்சியில் தொடங்கி, காது வழியாக, தோள், கை ஓரம், இடுப்பு, கால் என்று பீடம் வரை ஒரு மெல்லிய மேடு ஓடும். அல்லது அதை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து எடுத்த தட்டையான பட்டை ஓடும். அதுதான் ஒட்டுக்கோடு.

அது ஏன் அந்த வழியாகவே போகிறது என்பது முக்கியம். உள்ளே இருக்கும் உருவம் சிக்காமல் அச்சைப் பிரிக்க வேண்டும் என்றால், உருவத்தின் மிக அகலமான விளிம்பில்தான் அச்சைப் பிரிக்க முடியும். ஆகவே முன்னால் நின்று பார்க்கும்போது தெரிகிற உருவத்தின் வெளிக்கோடும் ஒட்டுக்கோடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். முன்பக்க போட்டோவில் அது தெரியாமல் போவதும் இதனால்தான். காதுக்குப் பின்னால், அக்குளில், இரண்டு காலுக்கு நடுவே, விரல் இடுக்கில் தேடுங்கள். தேய்ப்பவரின் கைக்கு எட்டாத இடங்களில் கோடு மிச்சம் இருக்கும்.

நுணுக்கமான பெரிய சிலைகளுக்கு இரண்டு அச்சு போதாது. பழைய முறையில் பத்து, இருபது என்று சின்னச் சின்னத் துண்டுகளாக அச்சு எடுத்து, அவற்றை ஒன்றாகக் கட்டி உள்ளே பிளாஸ்டரை ஊற்றுவார்கள். அப்படி வந்த சிலையில் ஒரு கோடு இருக்காது, மேலெல்லாம் வலை மாதிரி மெல்லிய கோடுகள் இருக்கும். முகத்தின் நடுவிலும் கன்னத்தின் குறுக்கேயும் அப்படி வலைக்கோடு தெரிந்தால், பெரும்பாலும் பழைய பிளாஸ்டர் வார்ப்பு என்று சொல்லிவிடலாம்.

4. எங்ககிட்ட இருக்கற சுவாமிமலை சிலையில கோடே இல்லயே, அப்ப அது அச்சுல வாக்கலயா?

அச்சில் வார்த்ததுதான், ஆனால் அது பிரித்து எடுக்கும் அச்சு இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து ஸ்தபதி முதலில் முழு உருவத்தையும் மெழுகில் செய்கிறார். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி, காய்ந்தபின் கனமான மண்ணை அடுக்கடுக்காகப் பூசி, கம்பி கட்டிச் சூடு பண்ணுகிறார். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்துவிடுகிறார். அச்சு இரண்டாகப் பிரியவே இல்லை, அதனால் ஒட்டுக்கோடும் இல்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இந்த முறையில் வார்த்தவைதான்.

அப்படியானால் இதை எதை வைத்து அடையாளம் காண்பது? மண் அச்சில் விரிசல் விட்ட இடத்தில் உலோகம் கசிந்து மெல்லிய பிசிறாக நிற்கும். அதைச் செதுக்கி எடுத்தாலும், மடிப்பின் உள்பக்கத்தில் சில மிஞ்சும், அவை ஒழுங்கான வழியில் ஓடாது. அப்புறம் உளி வேலை. வார்த்தபிறகு நகை, ஆடை மடிப்பு, கண் எல்லாவற்றையும் உளியால் கூர்மையாக்குவார்கள். உலோகத்தில் உளி ஓடிய கீறல் ஒரே இழுப்பில் வழவழப்பாக, அடியில் பளபளப்போடு இருக்கும். பின்பக்கத்தையும் பாருங்கள். உலா போகும் திருமேனியை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்ப்பார்கள் என்பதால் பின்னல், முதுகு, ஆடை முடிச்சு எல்லாம் முழுசாக முடித்திருக்கும். பீடத்தில் தண்டு செருகத் துளையோ வளையமோ, திருவாசி மாட்டக் குழியோ இருப்பதும் உற்சவருக்கான அடையாளம்.

கடையில் "பஞ்சலோகம்" என்று விற்கிற பொருளில் மூன்றாவது கேள்வியில் சொன்ன கோடு தெளிவாக ஓடினால் அது மெழுகில் ஒற்றை உருவமாகச் செய்து வார்த்தது இல்லை. மணல் அச்சில் வார்த்த பித்தளையாக இருக்கலாம். அதற்கு இன்னொரு அடையாளம், பாலிஷ் எட்டாத பள்ளங்களில் மணல் மணலாகத் தெரியும் சொரசொரப்பு.

5. ஆனா ரோட்டுல இருக்கற பெரிய வெண்கலச் சிலைகள்ல கோடு தெரியுதே?

பெரிய சிலையை ஒரே வார்ப்பில் எடுப்பது அபூர்வம். கை, தலை, உடம்பு என்று துண்டு துண்டாக, உள்ளே வெற்றிடமாக வார்த்து, பிறகு சேர்க்கிறார்கள். முன்காலத்தில் பொருத்தி ஆணியும் திருகும் அடித்தார்கள், இப்போது வெல்டிங். எனவே இது அச்சின் ஒட்டு இல்லை, துண்டுகளின் இணைப்பு. இரண்டும் போகும் வழி வேறு. இணைப்புக்கோடு உடம்பைச் சுற்றி வளையும்: கைமூட்டுக்கு மேல் ஒரு வளையம், இடுப்புப் பட்டைக்கு அடியில் ஒன்று, சட்டைக் கையின் ஓரத்தில் ஒன்று. கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து, மடிப்புக்குள்ளேயும் ஆடை விளிம்பிலும்தான் அதை ஒளித்து வைப்பார்கள். புதிதாக இருக்கும்போது தெரியாது. வருஷங்கள் போனபின் வெல்டிங் கம்பியின் உலோகமும் சிலையின் உலோகமும் வேறு வேறு நிறத்தில் களிம்பு பிடிப்பதால் விரல் அகலப் பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வெட்டவெளியில் நிற்கிற வெண்கலத்துக்கு இன்னும் உறுதியான சாட்சி மழை. தண்ணீர் வழிகிற பாதை வெளிர்பச்சையாகவும், மழை படாத மோவாய்க்கு அடி, அக்குள் போன்ற இடங்கள் கறுப்பாகவும் இருக்கும். அந்தப் பச்சை கீழே வழிந்து கல் பீடத்திலும் கறை பிடிக்கும். மேலே இருக்கும் சிலையைப் பார்க்கும் முன் பீடத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பச்சைக் கறை என்றால் செம்பு கலந்த உலோகம். துருச் சிவப்பு என்றால் உள்ளே இரும்புக் கம்பி வைத்த சிமெண்ட் சிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெண்கல நிறப் பெயிண்ட் அடித்த சிமெண்ட் தலைவர்கள் நம் ஊர்களில் ஏராளம், அவர்களின் பீடத்தில் பச்சைக் கறை இருக்காது.

6. கல் சிலையிலயும் கோடு இருந்துச்சு. அத எப்படி எடுத்துக்கறது?

கல்லில் மூன்று விதக் கோடு வரும். முதலாவது கல்லின் உள்ளே ஓடும் வரி. அது சிலையின் உருவத்தைக் கொஞ்சமும் மதிக்காமல் நெற்றியில் ஏறி மூக்கைக் கடந்து தோளில் இறங்கும். முன்பக்கம் ஒரு வரி விளிம்பில் முடிந்தால், பக்கவாட்டிலும் அதே வரி தொடர வேண்டும். பெயிண்டால் போட்ட போலி மார்பிள் வரி விளிம்பிலேயே நின்றுவிடும் அல்லது வேறு கோணத்தில் திரும்பும்.

இரண்டாவது கல்லோடு கல் சேரும் இடம். கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி திருவள்ளுவர் சிலையைக் கிட்டத்தில் எடுத்த போட்டோவில் பாருங்கள், படுக்கைவசமான இணைப்புகள் கட்டடச் சுவர் மாதிரி வரிசை வரிசையாகப் போகும். கல்லை அடுக்கித்தான் உயர்த்த முடியும் என்பதால் கோடு நேராக, மட்டமாக இருக்கும், ஆடை மடிப்பின் நடுவே புகுந்து போகவும் தயங்காது. வெண்கல இணைப்பு மடிப்பில் ஒளியும், கல் இணைப்பு மட்டத்தைப் பின்பற்றும். இந்த ஒரு வித்தியாசம் பெரிய சிலைகளில் பெரும்பாலும் போதுமானது.

மூன்றாவது விரிசல். கருங்கல்லில் விரிசலோ உடைப்போ கூர்மையான முனையோடு இருக்கும், உடைந்த முகத்தில் வெள்ளை, கறுப்பு, சில சமயம் இளஞ்சிவப்பு மணிகள் கலந்து தெரியும். மேலே என்ன பொருளோ உள்ளேயும் அதே பொருள்தான்.

7. போட்டோவ பெருசாக்கிப் பாத்தா மேல்தோல்ல என்ன தேடணும்?

ஓட்டைகளைத் தேடுங்கள். பிளாஸ்டர் கூழில் சிக்கிய காற்றுக்குமிழ் அச்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அப்படியே இறுகும். அதனால் குண்டூசித் தலை அளவில், சுத்தமான வட்டமாக, விளிம்பு மழுங்காத ஓட்டைகள் வரும். காற்று வெளியேற வழியில்லாத மோவாய்க்கு அடி, மூக்குத் துவாரம், மடிப்பின் மேல்புறம் போன்ற இடங்களில் அவை கூட்டமாக இருக்கும். கல்லில் அப்படி வட்டமாகக் கூட்டமாக வராது. கருங்கல்லில் உளி முனை அடித்துப் பொளிந்த குழிகள் ஒழுங்கில்லாமல், அடியில் நொறுங்கி வெளுத்து இருக்கும். வெண்கலத்திலும் வாயு ஓட்டை வரும், ஆனால் பெரும்பாலும் அதைச் செதுக்கி, சின்னத் துண்டு வைத்து அடைத்துவிடுவார்கள். சதுரமான ஒட்டுத் துண்டு வெண்கலத்தில் தெரிந்தால் அது நல்ல சாட்சி, அதைக் குறை என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது விளிம்பு. பெயிண்ட் பல பூச்சு ஏறிய பிளாஸ்டரில் கண்ணிமை, உதடு, நகம் எல்லாம் மழுங்கி, பள்ளங்களில் பெயிண்ட் தேங்கியிருக்கும். வெண்கலத்தில் விளிம்பு மழுங்குவது வேறு மாதிரி. கை படும் இடம் மட்டும் தேயும், அதாவது மூக்கு, பாதம், முழங்கால். கை எட்டாத காதுக்குப் பின்னால் கூர்மை அப்படியே இருக்கும். ஆண்டாண்டாக அபிஷேகமும் தேய்ப்பும் கண்ட திருமேனிகளில் முகம் மழுங்கி, முதுகு கூர்மையாக இருப்பதை நீங்களே பார்த்திருக்கலாம்.

8. உளித் தடம் நல்லாத் தெரியுது. அப்ப கல்லுதானே?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அச்சு எதைத் தொட்டதோ அதை அப்படியே எடுக்கும், உளித் தடத்தையும் சேர்த்து. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1873இல் திறந்த வார்ப்புக் கூடங்கள் முழுக்க இப்படிப்பட்ட பிளாஸ்டர் பிரதிகள்தான். மைக்கலாஞ்சலோவின் தாவீது அங்கே முழு உயரத்தில் நிற்கிறது, ரோமின் டிராஜன் தூண் உயரம் இடிக்கும் என்று இரண்டு துண்டாக நிற்கிறது. கல்லில் செதுக்கியவர் விட்ட தடங்கள் பிளாஸ்டரிலும் வந்திருக்கின்றன.

ஆகவே தடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, தடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்லில் உளி பட்ட இடத்தில் மணிகள் நொறுங்கி, சுற்றி இருப்பதை விட வெளுப்பாக இருக்கும், அபிரகத் துகள் மினுங்கும். பிளாஸ்டர் பிரதியில் தடத்துக்கு உள்ளும் வெளியும் ஒரே நிறம், ஒரே மந்தம். தடத்தின் நடுவே ஏழாவது கேள்வியில் சொன்ன வட்டக் குமிழ் உட்கார்ந்திருந்தாலோ, ஒரு வரிசைத் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மெல்லிய மேடு போனாலோ, அது வார்ப்புதான். உண்மையான உளித் தடம் எப்படி இருக்கும் என்று பழக வேண்டுமானால் மாமல்லபுரம் ஐந்து ரதங்களின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கி, கீழ்ப்பகுதி முடிக்காமல் விட்ட இடங்கள் அங்கே உண்டு, முடித்த பரப்பும் முடிக்காத பரப்பும் ஒரே பாறையில் அருகருகே கிடைக்கும்.

இதேபோல வெண்கலத்தில் விரல் ரேகையும் களிமண் உருட்டி அப்பிய தடமும் தெரிந்தால் குழம்ப வேண்டாம். சிற்பி முதலில் களிமண்ணில் செய்தார், அந்தத் தடம் அச்சு வழியாக உலோகத்துக்கு வந்திருக்கிறது. கல்லில் விரல் அழுத்திய தடம் வர வழியே இல்லை.

9. கை கால் நிக்கற விதத்த வச்சும் சொல்லலாமா?

சொல்லலாம், இது எனக்குப் பிடித்த சாட்சியும் கூட. கல் அழுத்தத்தைத் தாங்கும், நீட்டி வைத்தால் ஒடியும். அதனால் கருங்கல் மூலவரின் மேல் கைகள் பின்னால் இருக்கும் பலகையோடு ஒட்டியிருக்கும், ஆயுதம் தோளைத் தொடும், விரல்களுக்கு நடுவே கல்லை விட்டு வைப்பார்கள். மேல்நாட்டு மார்பிள் சிலைகளில் காலோடு ஒட்டி, அதே மார்பிளில் செதுக்கிய ஒரு மரக்கட்டை நிற்கும். கிரேக்க வெண்கலங்களை ரோமானியர் மார்பிளில் பிரதி எடுத்தபோது எடையைத் தாங்கச் சேர்த்துக்கொண்டது அது.

இதற்கு நேர் எதிர், திருவெண்காட்டில் கிடைத்து இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனர். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் வெண்கலம். சாய்ந்து நிற்க வேண்டிய காளை இன்று இல்லை, ஆனால் அதன் மேல் வைத்த கை காற்றில் அப்படியே நிற்கிறது, விரல் விரலாகப் பிரிந்து. தாங்கும் பலகை இல்லை, முட்டுக் கொடுத்த கட்டை இல்லை. அந்தக் கையைக் கருங்கல்லில் அப்படி விட எந்தச் சிற்பியும் துணிய மாட்டார். பிளாஸ்டரில் உள்ளே கம்பி வைத்து ஓரளவு நீட்டலாம், ஆனால் அப்போது கை மணிக்கட்டில் தேவைக்கு மேல் தடித்திருக்கும், நாளாவட்டத்தில் கம்பி துருப்பிடித்து அந்த இடத்தில் பழுப்புக் கறையோடு வெடிப்பும் வரும்.

10. கோபுரத்துல இருக்கற பொம்மை எல்லாம் பிளாஸ்டர்தானே?

இல்லை, அது சுதை. செங்கல்லை உருவத்துக்கு ஏற்ப அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரையைக் கையாலும் கரண்டியாலும் அப்பி வடிவம் கொடுப்பது. இப்போது பல இடங்களில் சிமெண்ட். அச்சு கிடையாது, அதனால் ஒட்டுக்கோடு வராது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு துவாரபாலகர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதும் கையால் செய்ததைக் காட்டும். வண்ணம் உரிந்த இடத்தில் பல அடுக்குப் பெயிண்டும், அதற்குள் வெளிர்ச் சாம்பல் காரையும், சில இடங்களில் செங்கல் சிவப்பும் தெரியும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மழையில் நிற்காது. இறுகிய பிறகும் அது ஜிப்சம்தான், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் கரையும். வெயிலிலும் மழையிலும் பல வருஷமாக நின்று, மூக்கும் விரலும் கூர்மையாகவே இருக்கும் சிலையை அது என்று சந்தேகப்படத் தேவையில்லை.

11. எங்க ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல ஒரு மார்பளவு சிலை கிடைச்சது. பாக்க வெண்கலம் மாதிரியே இருக்கு. விலை போகுமா?

இந்தக் கேள்வியோடு வந்த போட்டோக்கள் நன்றாக இருந்ததால் முழுசாகவே எழுதுகிறேன். சிலை ஒன்றரை அடி உயரம், கரும்பழுப்பு நிறம், முன்பக்கத்திலிருந்து பார்த்தால் வெண்கலம் என்றுதான் யாரும் சொல்வார்கள். பக்கவாட்டுப் படத்தில் காதின் பின்விளிம்பிலிருந்து கழுத்து வழியாகத் தோளுக்கு ஒரு தட்டைப் பட்டை இறங்கியது, தேய்த்து எடுத்த ஒட்டுக்கோடு. இது மட்டும் போதாது, ஏனென்றால் வெண்கலத்துக்கும் ரப்பர் அச்சில் மெழுகுப் பிரதி எடுத்து வார்க்கும் முறை உண்டு, மெழுகில் இருந்த கோட்டைச் சரியாக எடுக்காவிட்டால் அது உலோகத்திலும் வந்துவிடும்.

அடுத்த படம் மோவாய்க்கு அடியில். வட்டக் குமிழ்கள், கூட்டமாக. மூக்கு நுனியில் பெயிண்ட் தெறித்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளை, வெண்கலமாக இருந்திருந்தால் அங்கே மஞ்சளோ செம்மையோ தெரிந்திருக்கும். கடைசியாகக் கவிழ்த்து எடுத்த படம்: உள்ளே வெற்றிடம், சுவர் ஒரு அங்குலத் தடிமன், உள்பக்கம் சணல் நார் பிளாஸ்டரில் தோய்த்து ஒட்டியிருந்தது, ஓரத்தில் கூழ் வழிந்து இறுகிய தடம். வார்த்த வெண்கலத்தின் சுவர் இந்த அளவுக்கு இப்படித் தடித்திருக்காது, சணலுக்கும் அங்கே வேலை இல்லை. நான்கு சாட்சியும் ஒரே பக்கம் சொல்கின்றன, வெண்கல நிறம் பூசிய பிளாஸ்டர்.

விலை இல்லை என்று உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிற்பி களிமண்ணில் செய்ததை முதலில் பிளாஸ்டரில் எடுத்துத்தான் வெண்கலத்துக்கு அனுப்புவார். ஊரில் எங்காவது நிற்கும் வெண்கலச் சிலைக்கு மூலமே இந்தப் பிளாஸ்டராக இருக்கலாம். தோளின் பின்புறத்தில் கையெழுத்தோ வருஷமோ கீறியிருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், பெயிண்டைச் சுரண்டவும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

12. உங்களுக்கு அனுப்பறதுக்கு எந்த மாதிரி போட்டோ எடுக்கணும்?

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது மேடு பள்ளம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஜன்னல் வெளிச்சமோ டார்ச்சோ ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழட்டும். அப்போது முடி அளவு ஒட்டுக்கோடு கூட நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கவாட்டு, ஒரு முதுகு, மோவாய்க்கு அடியில் கிட்டத்தில் ஒன்று, பீடத்தின் அடிப்பகுதி ஒன்று, எங்காவது உடைப்போ உரிவோ இருந்தால் அதன் மேல் ஒன்று. முகத்தை அழகாக எடுத்த படம் எனக்கு ஏறக்குறைய எதற்கும் உதவாது.

ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் அடிப்பகுதிப் படத்தைக் கட்டாயம் கேளுங்கள். அடியைத்தான் யாரும் அழகுபடுத்துவதில்லை. அதில் துணியோ அட்டையோ ஒட்டி மூடியிருந்தால், அதை எடுத்துவிட்டு எடுத்த படத்தைக் கேளுங்கள்.

13. ரெசின்ல வெண்கலப் பொடி கலந்து செய்யறாங்களாமே, அத எப்படிக் கண்டுபிடிக்கறது?

கடினமானது இதுதான். மேல்தோலில் இருப்பது நிஜமான உலோகப் பொடி, தேய்த்தால் பளபளக்கும், களிம்பும் பிடிக்கும். இரண்டாவது கேள்வியில் சொன்ன பளிச்சிடல் சோதனை இங்கே ஏமாற்றிவிடும். அதேபோல கல் பொடி கலந்த ரெசினும் உண்டு, அதில் மணிகள் எல்லாம் ஒரே அளவில், மாவு மாதிரி சீராக இருக்கும், இயற்கைக் கருங்கல்லில் மணிகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும்.

உருவாக்கிய முறை பிளாஸ்டரைப் போன்றதே என்பதால் தடங்களும் அதே. ஒட்டுக்கோடு, வட்டக் குமிழ், மழுங்கிய பள்ளம். உளியால் கூர்மையாக்கிய கீறல் ஒன்றுகூட இருக்காது, ஏனென்றால் அச்சிலிருந்து எடுத்தபின் யாரும் அதில் உளி வைப்பதில்லை. விளிம்பு தெறித்த இடத்தில் உள்ளே உலோகம் தெரியாமல் சாம்பலோ பழுப்போ தெரியும். உடைப்பே இல்லாத, நன்றாக முடித்த ரெசின் சிலையைப் போட்டோவில் பிரித்துச் சொல்வது முடியாத காரியம், கையில் தூக்கி எடை பார்க்க வேண்டியதுதான்.

14. ரெண்டு போட்டோல இருக்கறது ஒரே சிலையான்னு கோட்ட வச்சு சொல்ல முடியுமா? பழசா புதுசான்னும் தெரியுமா?

முதல் கேள்விக்கு, மெழுகு முறையில் வார்த்த வெண்கலமாக இருந்தால் நன்றாகவே முடியும். நான்காவது பதிலில் சொன்ன மாதிரி அச்சை உடைத்துவிடுவதால் அதே பிசிறு, அதே ஓட்டை, அதே ஒட்டுத் துண்டு இன்னொரு சிலையில் வராது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் இருந்த பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டதுதான் அடையாளம் காண உதவியது, 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. உங்கள் ஊர்க் கோயில் உற்சவரைப் படம் எடுக்க நிர்வாகம் அனுமதித்தால், முதுகையும் பீடத்தின் நான்கு பக்கத்தையும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அலங்காரம் செய்து மாலை போட்ட படம் ஒப்பிடுவதற்கு உதவாது.

வயதைக் கோட்டை வைத்துச் சொல்ல முடியாது. களிம்பை ரசாயனம் பூசிச் சில நாட்களில் வரவழைக்கலாம், மண்ணில் புதைத்து எடுக்கலாம். இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாம் சிலை எப்படிச் செய்யப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். வயது தெரிய வேண்டுமானால் பாணி தெரிந்தவர்கள் நேரில் பார்க்க வேண்டும், உலோகத்தைச் சோதிக்க வேண்டும். அதுவரை வாட்ஸ்அப்பில் வருகிற "ஆயிரம் வருஷத்துச் சிலை" போட்டோவுக்கு என் பதில், "முதுகைத் திருப்பி ஒரு படம் அனுப்புங்கள்" என்பதுதான்.